புளிப்பு பட்டாலே நெஞ்சு எரியுது, பொரிச்ச கோழிக்கு ஒண்ணும் ஆகல. ஏன்?

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்
செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27, தொழிற்சாலையில ராத்திரி ஷிப்ட். ரெண்டு வாரமா ஒரு தொந்தரவு. புளிப்பு எது உள்ள போனாலும் நடு நெஞ்சுல எரியுது. முதல்ல தெரிஞ்சது ஆயர் ஈத்தாம்ல அசாம் லக்சா சாப்பிட்டப்ப. அடுத்த நாள் லீமாவ் ஐஸ். அப்புறம் அம்மா வச்ச தக்காளி ரசம். நேத்து எலுமிச்ச ஊறுகா, அதுவும் விரல் நுனியில தொட்டு நக்கினது தான்.

வேடிக்கை என்னன்னா பொரிச்ச கோழி, ரொட்டி சானாய், ஆட்டுக்கறி பிரட்டல் எதுக்கும் இந்த எரிச்சல் இல்ல. கேஸ்ட்ரிக்னா எண்ணெய்க்குத்தானே வரணும்? மருந்துக்கடையில வெள்ளத் தண்ணி மருந்து வாங்கிக் குடிச்சேன், பெருசா பலன் இல்ல. அம்மா புளியவே நிறுத்துன்னு சொல்றாங்க. பினாங்குல பொறந்தவன் புளிய நிறுத்திட்டு எங்க போய் என்னத்த சாப்பிடுறது?

பட்டர்வொர்த் மாமா
செவ்வாய், இரவு 9.40

தம்பி, இது பித்தம். வயித்துல ஏற்கெனவே அமிலம் கிடக்கு. அது மேல புளிய ஊத்தினா அமிலம் கூடி, பொங்கி மேல வருது. அவ்வளவுதான் விஷயம்.

காலையில வெறும் வயித்துல வெதுவெதுப்பான தண்ணியில பாதி எலுமிச்ச புழிஞ்சு குடிச்சுப் பாரு. எலுமிச்சைக்கு வாயில தான் புளிப்பு, உள்ள போனா காரத்தன்மையா மாறிடும். நான் 11 வருஷமா குடிக்கிறேன், ஒரு நாளும் நெஞ்செரிச்சல் வந்ததில்ல.

கிள்ளான் கவிதா
செவ்வாய், இரவு 9.58

மாமா, மேல் பத்தியில புளிய ஊத்தாதேங்கிறீங்க, கீழ் பத்தியில எலுமிச்ச புழியச் சொல்றீங்க!

தம்பி, எனக்கும் இதே தான். தக்காளி ஆகாது. ராத்திரி ரசம் ஊத்திச் சாப்பிட்டு, வேலையெல்லாம் முடிச்சுப் படுத்தா ஒரு மணி நேரத்துல தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி ஏறும். ஒரு மாசமா வீட்டுல தக்காளியே வாங்கல. குறைஞ்ச மாதிரியும் இருக்கு, குறையாத மாதிரியும் இருக்கு.

கெமிஸ்ட்ரி வாத்தியார், செபராங் ஜெயா
செவ்வாய், இரவு 10.21

மாமா சொன்னதுல ஒரு கணக்குப் பிழை இருக்கு. வயிற்றில் சுரக்கிற அமிலத்தோட பிஎச் வெறும் வயிற்றில் ஒன்றரையிலிருந்து 2 வரைக்கும் இருக்கும். எலுமிச்சைச் சாறு 2க்குக் கொஞ்சம் மேல. ஆரஞ்சு சாறு மூன்றரையிலிருந்து 4. தக்காளி 4க்கு மேல. இந்த அளவுகோலில் எண் ஏற ஏற புளிப்பு குறையும், ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. அப்படிப் பார்த்தால் தக்காளி ரசம் போய்ச் சேருகிற இடம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் புளித்த இடம். கடலில் உப்புத் தண்ணி ஊற்றினால் கடல் கரிக்கிறது என்று சொல்ல முடியுமா?

எலுமிச்சை உள்ளே போய்க் காரத்தன்மையாக மாறும் என்பதும் பாதி உண்மைதான். சிட்ரிக் அமிலத்தை உடம்பு எரித்து முடித்த பிறகு அதன் விளைவு சிறுநீரில் அப்படித் தெரியும். ஆனால் உணவுக்குழாய் வழியாக இறங்கும்போது எலுமிச்சை எலுமிச்சையாகத்தான் இறங்குகிறது.

பட்டர்வொர்த் மாமா
செவ்வாய், இரவு 10.30

அப்ப ஏன்யா எரியுது? கணக்கு சரின்னா அவனுக்கு எரியக்கூடாதே.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
செவ்வாய், இரவு 11.05

மாமா கேட்டது தான் சரியான கேள்வி. வயித்துல அமிலம் கூடிப் போறதால இல்ல. புளிப்பு இறங்குற வழியில எங்கேயோ தோல் புண்ணா இருந்தா, அங்க பட்டு எரியும். விரல்ல கீறல் இல்லாம எலுமிச்ச நறுக்கினா ஒண்ணும் தெரியாது. கீறல் இருந்தா ஒரு சொட்டு போதும். எலுமிச்ச ரெண்டு தடவையும் அதே எலுமிச்ச தான்.

தம்பி, நாலு கேள்வி கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. எரிச்சல் முழுங்குற அந்த நேரத்துலயே வருதா, இல்ல சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி கழிச்சா? எந்த இடம், விரல் வச்சுக் காட்ட முடியுமா? சூடா கோப்பி குடிச்சாலும், பெரிய கவளமா முழுங்கினாலும் எப்படி இருக்கு? கடைசியா, ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?

கவிதா, உங்க கதை வேறன்னு தோணுது. அப்புறமா வர்றேன்.

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்
புதன், காலை 8.47

அக்கா, ஷிப்ட் முடிஞ்சு இப்பத்தான் வந்தேன். ஒண்ணொண்ணா சொல்றேன்.

முழுங்கின உடனே. ரெண்டு மூணு நொடியில. ஒரு நிமிஷம் காந்திட்டு மெதுவா அடங்குது. இடம் விரல் வச்சுக் காட்டலாம், நெஞ்செலும்புக்குப் பின்னால, சட்டையில ரெண்டாவது பட்டனுக்கு நேரா. சூடான கோப்பிக்கும் அதே இடத்துல சுருக்குன்னு இருக்கு, ஆறவிட்டுக் குடிச்சா இல்ல. ரொட்டிய நல்லா மெல்லாம முழுங்கினா எரியாது, ஆனா அங்க உரசிட்டுப் போற மாதிரி இருக்கும். கோழிய மென்னு சாப்பிடுறதால தெரியலயோ என்னவோ. மாத்திரை எதுவும் இல்ல, எனக்கு எந்த வியாதியும் இல்ல.

மாமா பேச்சைக் கேட்டு இன்னிக்குக் காலையில கேன்டீன்ல எலுமிச்ச தண்ணி குடிச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பட்டர்வொர்த் மாமா
புதன், காலை 9.15

வெதுவெதுப்பா குடிச்சியா, சூடா குடிச்சியா? அதையும் சொல்லு.

கெமிஸ்ட்ரி வாத்தியார், செபராங் ஜெயா
புதன், காலை 10.02

மாமா விளையாட்டாகக் கேட்டாலும் அதில் விஷயம் இருக்கிறது. மிளகாயின் காரத்தை உணர்கிற நரம்பு முனை 43 பாகை சூட்டுக்கும் மணி அடிக்கும், அமிலத்துக்கும் அடிக்கும். மூன்றுக்கும் ஒரே மணிதான். அமிலம் பட்டிருக்கும்போது அந்த மணி இன்னும் குறைந்த சூட்டிலேயே அடித்துவிடும். அந்த முனையைக் கண்டுபிடித்தது 1997இல், அந்த வேலையைச் செய்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகும் அதே மணியைத்தான் தட்டுகிறது. ஆகவே கொதிக்கக் கொதிக்க ரசம் என்றால் புளி, சூடு, மிளகு மூன்றும் சேர்ந்து ஒரே கதவைத் தட்டுகிற மாதிரி. அசாம் லக்சாவிலும் அப்படித்தான்: அசாம் கெப்பிங், மிளகாய், கொதிக்கிற குழம்பு.

பிஎச் கணக்கில் தக்காளி சாதுவானது, ஆனாலும் அது எரிக்கிறதே என்ற கேள்விக்கு இது ஒரு பாதி பதில்.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
புதன், மதியம் 1.20

வாத்தியார் சொன்னது சரி. அந்த நரம்பு முனைங்க தோலுக்கு மேல கிடக்கல. உணவுக்குழாயோட உள்தோல் பல அடுக்கு, அதுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. நல்லா இருக்குற ஆளுக்கு எலுமிச்ச அதைத் தொடாமலே இறங்கிடும், எச்சில் பின்னாலயே வந்து கழுவிட்டுப் போயிடும். உள்தோல் அரிச்சுப் போனா, இல்ல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா, புளிப்பு உள்ள கசிஞ்சு போய் நரம்பைத் தொடும்.

தம்பிக்கு எரியிறது முழுங்குற நேரத்துல, ஒரே இடத்துல, சூட்டுக்கும் சேர்த்து. அப்படின்னா வயித்துலேருந்து மேல வர்றதா எனக்குத் தெரியல, வழியில ஒரு இடத்துல புண் இருக்குன்னு தோணுது. உங்க வெள்ள மருந்து வயித்து அமிலத்தை ஆத்தும். ஆனா நீங்க அடுத்து குடிக்கப் போற லீமாவ் ஐஸை அது என்ன பண்ணும்? பலன் தெரியாததுல ஆச்சரியமில்ல.

மாத்திரை இல்லன்னு சொன்னதை நம்ப மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. கவுன்டர்ல நின்னு 18 வருஷ அனுபவம். வியாதிக்குப் போடுறது மட்டும் மாத்திரை இல்ல. சத்து மாத்திரை, வைட்டமின் சி, இரும்புச் சத்து, தோலுக்கு, முடிக்கு, பல் வலிக்கு எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்
புதன், மாலை 5.33

அக்கா… முகப்பருவுக்கு ஒரு கேப்சூல் சாப்பிடுறேன். அது முகத்துக்குத்தானேன்னு கணக்குல சேர்க்கல. டாக்ஸிசைக்ளின் 100, தினம் ஒண்ணு. ஒரு மாசம் ஆகப் போகுது.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
புதன், மாலை 5.41

எப்ப சாப்பிடுறீங்க, எவ்வளவு தண்ணியில, அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்
புதன், மாலை 5.50

காலையில எட்டரைக்கு வீட்டுக்கு வந்ததும். கட்டில் பக்கத்துல பாட்டில் இருக்கும், ஒரு மடக்கு. அப்படியே படுத்துருவேன். ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றவன் அக்கா.

இப்ப நீங்க கேக்குறப்ப தான் ஞாபகம் வருது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் மதியம் நெஞ்சு வலிச்சு முழிச்சேன். வாயு புடிச்சிருக்குன்னு தைலம் தேச்சுட்டு மறுபடி தூங்கிட்டேன். அதுக்கு மறுநாள் தான் லக்சா.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
புதன், மாலை 6.25

அதுவா தான் இருக்கணும். நேர்ல பாக்காம முடிவா சொல்ல மாட்டேன், ஆனா நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் அங்க தான் போய் நிக்குது.

கேப்சூலோட மேலுறை ஜெலட்டின். கொஞ்சம் ஈரம் பட்டா பசை மாதிரி ஒட்டும். ஒரு மடக்குத் தண்ணி அதை வயித்து வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்காது. படுத்தா இறங்குறதுக்கு சாய்வும் இல்ல. தூக்கத்துல எச்சிலும் ஊறாது, முழுங்குறதும் குறைஞ்சிடும். உணவுக்குழாயை நடுவுல பெரிய ரத்தக் குழாய் வளைஞ்சு தொட்டுட்டுப் போற இடம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் குறுகலா இருக்கும். மாத்திரை அடிக்கடி சிக்குறது அங்க தான், உங்க ரெண்டாவது பட்டனுக்கும் அதுக்கும் தூரம் அதிகமில்ல. இந்த மருந்து கரைஞ்சா நல்ல புளிப்பு. அது ஒரே இடத்துல மணிக்கணக்கா உக்காந்தா தோல் வெந்து போகும். அந்தப் புண்ணு மேல தான் நீங்க லக்சாவை ஊத்துனீங்க, ஊறுகாயைத் தடவினீங்க.

இப்ப செய்ய வேண்டியது: மருந்து எழுதின டாக்டரை நாளைக்கே கூப்பிட்டு, இப்படி இருக்குன்னு சொல்லி நிறுத்தலாமா, மாத்தலாமான்னு கேளுங்க. பருவுக்குங்கிறதால ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது. இதே மருந்தை வேற தொற்றுக்குச் சாப்பிடுறவங்க யாராவது படிச்சா, நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டுச் செய்யுங்க. தொடரச் சொன்னா, சாப்பாட்டோட, ஒரு முழு கிளாஸ் தண்ணியோட, அதுக்கப்புறம் அரை மணிக்குக் குறையாம உக்காந்தோ நின்னோ இருக்கணும். வீட்டுக்கு வந்து போடாதீங்க, ராத்திரி ஷிப்ட்ல சாப்பாட்டு நேரத்துல போடுங்க. தண்ணியே இறங்கலன்னா, கறுப்பா வெளிய போனா, ரத்தம் வாந்தி வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

புண்ணு ஆறுற வரைக்கும் புளிப்பும் சூடும் வேண்டாம். ஆறுறதுக்கு சில நாள்லேருந்து ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். புளி அந்தப் புண்ணை உண்டாக்கல, அதைக் காட்டிக் கொடுத்துச்சு. அதனால வாழ்நாளுக்கும் விட வேண்டியதில்ல.

தண்ணீர்மலை தங்கச்சி
புதன், இரவு 8.10

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பா ஊறுகாயால நெஞ்செரிச்சல்னு ரெண்டு நாள் சொல்லிட்டிருந்தார். மாடிப்படி ஏறினா வரும், நின்னா போகும், வேர்க்கும். அது இதயம். படிக்கிறவங்க எல்லாரும் மாத்திரையைத் தேடிட்டிருக்க வேண்டாம்னு தான் சொல்றேன்.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
புதன், இரவு 8.32

சொன்னதுக்கு நன்றி தங்கச்சி. நடந்தா வந்து நின்னா போறது, வேர்வை, தாடைக்கோ கைக்கோ பரவுறது, இதுல எது இருந்தாலும் புளி, மிளகாய்னு யோசிக்காம 999. சர்க்கரை இருக்குறவங்களுக்கு வலியே மந்தமா தெரியலாம்.

கவிதா, இப்ப உங்க விஷயம். உங்களுக்கு வர்றது சாப்பிட்டு ஒரு மணி கழிச்சு, படுத்த பிறகு, புளிச்ச தண்ணியோட. அது கீழேருந்து மேல வர்றது. வயித்தோட வாசல்ல இருக்குற இறுக்கம், மேல்வயிறு விரிஞ்சா தானா கொஞ்ச நேரம் தளரும், ஏப்பம் விடுறதுக்காக. வயிறு நெறய சாப்பிட்டா அடிக்கடி தளரும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாசலுக்கு நேர் கீழ, சோத்தோட கலக்காத புது அமிலம் ஒரு அடுக்கா மிதக்கும். படுத்தா அது தான் முதல்ல வழியும். தக்காளி அதுல எவ்வளவு பங்குன்னு தெரிஞ்சுக்க ஒரு சோதனை பண்ணுங்க. ரசத்தை மதியம் சாப்பிடுங்க. ராத்திரி தக்காளி இல்லாம, வழக்கமான அளவு, வழக்கமான நேரம். ஒரு வாரம் எழுதி வைங்க.

கெமிஸ்ட்ரி வாத்தியார், செபராங் ஜெயா
புதன், இரவு 9.47

அக்கா விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு இடறல். நெஞ்செரிச்சல் உள்ளவர்களின் உணவுக்குழாயில் ஆரஞ்சு சாறு, காரமான தக்காளிச் சாறு, கோப்பி இவற்றைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்த ஒரு சோதனை 1978இல் வெளியானது. பிறகு அதே பானங்களின் புளிப்பை முறித்து, பிஎச் 7க்குக் கொண்டு வந்தும் விட்டார்கள். அப்போதும் எரிந்தது. புளிப்பு மட்டும்தான் காரணமென்றால் அப்படி நடந்திருக்கக் கூடாது.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
புதன், இரவு 10.15

தெரியும் வாத்தியார். சர்க்கரை, உப்பு அடர்த்தியா இருந்தாலும் புண்பட்ட தோலை உறுத்தும், அதனாலன்னு ஒரு விளக்கம் உண்டு. ஊறுகாயை நினைச்சுப் பாருங்க, அதுல எலுமிச்சையோட உப்பும் நெறய இருக்கு. ஆனா அது மட்டும் தானான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

பட்டர்வொர்த் மாமா
புதன், இரவு 10.19

ஆக, புளிப்பை முறிச்சாலும் எரியுது. அப்ப நான் மட்டும் என்ன தப்பா சொல்லிட்டேன்?

கிள்ளான் கவிதா
அடுத்த வியாழன், காலை 11.02

ஒரு வாரம் எழுதினேன் அக்கா. மதியம் ரசம், தக்காளிச் சட்னி எல்லாம் சாப்பிட்டேன், அஞ்சு நாளும் ஒண்ணும் இல்ல. ராத்திரி தக்காளியே இல்லாம சாப்பிட்டும் நாலு நாள் ஏறுச்சு, அந்த நாலு நாளும் கடையிலேருந்து வந்து பத்து மணிக்குச் சாப்பிட்டு பத்தரைக்குப் படுத்தது. ஏழரைக்குச் சாப்பிட்ட ரெண்டு நாள் இல்ல. ஒரு மாசமா தக்காளி வாங்காம இருந்தது வீண்! ஆனா ஒரு சந்தேகம், அந்த எரியிற நாள்ல காலையில ஆரஞ்சு சாப்பிட்டா லேசா காந்துது. அது என்ன?

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
அடுத்த வியாழன், மதியம் 12.40

ராத்திரி முழுக்க அமிலம் பட்ட தோல் காலையில மென்மையா இருக்கும், அதுல ஆரஞ்சு படுது. முதல்ல சாப்பாட்டு நேரத்தை மாத்துங்க. ரெண்டு மூணு வாரத்துல ஆரஞ்சும் தானா சரியாகணும். ஆகலன்னா டாக்டரைப் பாருங்க. அமிலம் குறைக்கிற மாத்திரை கொடுத்தாலும், முதல் நாளே ஆரஞ்சு சும்மா இறங்கும்னு எதிர்பார்க்காதீங்க. அது மேல வர்றதைத் தான் மட்டுப்படுத்தும், உள்தோல் ஆற வாரக்கணக்காகும்.

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்
இரண்டு வாரம் கழித்து, செவ்வாய், மாலை 6.05

டாக்டர் அன்னிக்கே கேப்சூலை நிறுத்திட்டார், முகத்துக்கு கிரீம் மட்டும். அமிலம் குறைக்கிற மாத்திரை ரெண்டு வாரத்துக்குக் கொடுத்தார். ஸ்கோப் இப்ப வேண்டாம், குறையலன்னா அனுப்புறேன்னார். அஞ்சாவது நாள் கோப்பி சூடா இறங்குச்சு. எட்டாவது நாள் ரசம், லேசா தெரிஞ்சுது. நேத்து லீமாவ் ஐஸ், ஒண்ணுமில்ல. இந்த ஞாயிறு ஆயர் ஈத்தாம் போறேன்.

கெமிஸ்ட்ரி வாத்தியார், செபராங் ஜெயா
செவ்வாய், மாலை 6.40

மகிழ்ச்சி. ஆனால் ஒரே நாளில் கேப்சூலையும் நிறுத்தி, புளிப்பையும் நிறுத்தி, மாத்திரையும் தொடங்கியதால் எது குணமாக்கியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உள்ளே பார்க்கவும் இல்லை.

ஷிப்ட்காரன், பாயான் லெப்பாஸ்
செவ்வாய், மாலை 6.44

வாத்தியாரே, மறுபடி கேப்சூல் போட்டுப் படுத்துப் பாக்கச் சொல்றீங்களா?

செந்தூல் மகள்
செவ்வாய், இரவு 9.30

இழை முழுக்கப் படிச்சேன். அம்மாவுக்கு 68. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, அலெண்ட்ரோனேட்னு போட்டிருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில. கொஞ்ச நாளா திங்கள், செவ்வாய்ல ஆரஞ்சு சாப்பிட்டா நெஞ்சு காந்துதுன்னு சொல்றாங்க, வெள்ளிக்கிழமை அதே ஆரஞ்சு ஒண்ணும் பண்ணாது. பழத்தைத் தான் மாத்தி மாத்தி வாங்கிட்டிருந்தேன்.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
செவ்வாய், இரவு 9.52

அந்த மாத்திரை இதுக்குப் பேர் போனது. வெறும் வயித்துல, ஒரு முழு கிளாஸ் வெறும் தண்ணியோட போட்டுட்டு, குறைஞ்சது அரை மணி நேரம் படுக்கவே கூடாது. அம்மா போட்டுட்டு என்ன பண்ணுவாங்க?

செந்தூல் மகள்
செவ்வாய், இரவு 10.01

அஞ்சு மணிக்கு எழுந்து போடுவாங்க. ரெண்டு வாய் தண்ணி. அப்புறம் ரேடியோவுல பக்திப் பாட்டு முடியுற வரைக்கும் திரும்பப் படுத்துக்குவாங்க.

மருந்துக்கடை அக்கா, பிரிக்பீல்ட்ஸ்
செவ்வாய், இரவு 10.04

இந்த ஞாயிறு மாத்திரைக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க. பேச முடியலன்னா, பேசுற வரைக்கும் அதைப் போட வேண்டாம். முழுங்கும்போது வலிக்குதான்னும் அம்மாவைக் கேளுங்க, டாக்டர் முதல்ல அதைத் தான் கேப்பார்.